சோடாவுக்கு முன்பே வந்த நிறம்

எங்கள் ஆய்வகத்தில் நீலக்காவின் உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேலாளர் முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் நீலக்காதான். இருபத்தாறு வருடமாக ஒரே சோதனை. கண்ணாடிக் குழாயில் மஞ்சளாக ஊற்றுவார், நீலமாக எடுப்பார். பெயர் வைக்க இதைவிட அதிகமாக யோசிக்கும் ஆட்கள் எங்கள் அலுவலகத்தில் இல்லை. அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்குக் கை நீட்டுவார்கள். நானாகவும் இருக்கலாம்.

நான் முன்பக்க அறையில் உட்காருகிறவன். வருகிற மாதிரிப் பொட்டலங்களை வாங்கி, அனுப்பியவர் பெயரை மறைத்து ஓர் எண் போட்டு உள்ளே அனுப்புவேன். உள்ளேயிருந்து வருகிற எண்ணை அறிக்கையாக அச்சடித்து வெளியே கொடுப்பேன். நடுவில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தேவைப்பட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நீலக்கா என்னை உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் விளக்கினார். நான் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இங்கே நான் எழுதுகிற விவரமெல்லாம் செய்முறைத் தாளைப் படித்தும் மேலாளரைத் தொந்தரவு செய்தும் பின்னால் தெரிந்துகொண்டது. நீலக்காவிடம் கற்றது ஒன்றும் இல்லை. அந்த வெட்கம் எனக்கு உண்டு.

சோதனை இதுதான். இலை, பட்டை, பழத்தோல் இவற்றிலிருந்து சாறு எடுத்துப் பொடியாக்கும் சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் எங்களுக்கு மாதிரி அனுப்பும். அதில் பீனால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். வாயில் வைத்தால் நாக்கை இழுக்கிறதே ஒரு துவர்ப்பு, அந்த வகைச் சத்துகள் பெரும்பாலும் பீனால்கள்தான். ஆயிரக்கணக்கான வகை. ஒவ்வொன்றாக எண்ணினால் ஆயுள் போதாது. அதனால் பொடியைக் கரைத்து வடிகட்டி, அரை மில்லி எடுத்து, ஃபோலின் என்கிற மஞ்சள் திரவத்தைச் சேர்ப்பார்கள். ஐந்து நிமிடம் பொறுத்துச் சோடா கரைசல். துணி துவைக்கிற சலவைச் சோடாவேதான், சுத்தமானது. பிறகு இருட்டு அலமாரியில் ஒரு மணி நேரம். பீனால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம். கேலிக் அமிலம் என்ற ஒன்றைத் தெரிந்த அளவுகளில் கரைத்துப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். நம் குழாயின் நீலம் எத்தனை கேலிக் அமிலத்தின் நீலத்துக்குச் சமம் என்று கருவியில் வைத்துப் பார்த்து, ஒரு கிராம் பொடிக்கு இத்தனை மில்லிகிராம் கேலிக் அமிலத்துக்குச் சமம் என்று எழுதுவார்கள். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்குள் ஒரு மனுஷியின் இருபத்தாறு வருடம் போயிருந்தது.

நீலக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் "நேரமில்லை" என்பார். கேட்டவர் சிரிப்பார், இவர் சிரிக்கமாட்டார். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து மாமியார் கதை, பிள்ளைகளின் மதிப்பெண் கதை என்று அளந்துகொண்டிருக்கும்போது அவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு இடைவெளிக்காகக் காத்திருப்பார். இடைவெளி கிடைத்ததும், "இன்னைக்கு மாதிரி ஊத்தாத வெற்றுக் குழாய்ல லேசா ஒரு நிறம் தெரிஞ்சுது, தண்ணி மாத்தினதும் போயிடுச்சு" என்பார். பிறகு யாராவது மாமியாரை மறுபடி இழுத்து வருவார்கள். அவரிடம் வேறு செய்தி இல்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அப்போது கேலியாகத்தான் நினைத்தேன்.

ஒரே ஒரு தங்கை. நாற்பத்தெட்டு வயதான அந்தத் தங்கையை அக்கா கூப்பிடுவது "பாப்பா". பாப்பாவுக்கு ஒருமுறை வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. நீலக்கா அன்று காலை முப்பது குழாய் சோதனைக்கு ஏற்றியிருந்தார். பாதியில் விட்டால் மொத்தமும் வீண். கருவியில் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் விழித்திருந்த பாப்பா, "குழாய் நீலமாகறதுதான் உனக்குப் பெருசு, நான் நீலமாகிப் போயிருந்தாலும் நீ சாயங்காலம்தான் வந்திருப்ப" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து ஒன்பது வருடம் பேச்சு இல்லை. இதை நீலக்காவே ஒருநாள் என்னிடம் சொன்னார். "அவ சொன்னதுல தப்பில்ல தம்பி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பாப்பாவின் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு ஓர் இலைச்சாறு எடுக்கும் கூடம் ஆரம்பித்தார். பொடியை வாங்குகிறவர்கள் எங்கள் ஆய்வக அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் அடைத்த பொட்டலத்தோடு ஓர் அம்மா என் சன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "நீலமாகிற சோதனை பண்றவங்க இன்னும் இங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார். மூக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் மூக்கு அப்படியே.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். நீலக்கா கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "குழாய் இருட்டுல இருக்கு. ஒரு மணி நேரம் எனக்கு வேலை இல்ல" என்று எனக்கு அனுமதி கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். என் சன்னலை ஒட்டி நடையில் ஒரு மரப்பலகை உண்டு. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். முதல் அரைமணி நேரம் இருவரும் எதிர்ச் சுவரிலிருந்த தீயணைப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வாராவாரம் செவ்வாய். மேலாளரிடம் நீலக்கா அன்றே போய், "என் தங்கச்சி வீட்டு மாதிரி இங்க வருது" என்று சொல்லிவிட்டார். எண் போட்டுத்தானே உள்ளே வருகிறது, எது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும், இருக்கட்டும் என்றார் மேலாளர். நான் கவனித்தது வேறு. அதுவரை செவ்வாய்க்கிழமைக் குழாய்களை மதியத்துக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்த நீலக்கா, அவற்றைக் காலைக்கு மாற்றிவிட்டார். சரியாகப் பதினொரு மணிக்குக் குழாய்கள் அலமாரிக்குள் போகும், பதினொரு மணிக்குப் பாப்பா வருவார். பன்னிரண்டுக்குக் குழாய்கள் வெளியே வரும், பாப்பா போவார். வாரத்தில் அந்த அறுபது நிமிடம்தான் நீலக்கா யாரோடாவது பேசியது. மற்ற நாளெல்லாம் அவர் பேசினார், ஆனால் யாரோடும் இல்லை.

பாப்பாவிடம் பிள்ளைகள் கதை, அக்கம்பக்கம் கதை எல்லாம் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அக்காவிடம் இருந்தது குழாய்க் கதைதான். ஆனால் பாப்பா அதைக் கேட்டார். தீயணைப்பானைப் பார்த்துக்கொண்டல்ல, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நடுநடுவே "அப்புறம்?" என்றார். "அது ஏன் அப்படி?" என்றார். நீலக்கா விரலால் காற்றில் குழாய் வரைந்து காட்டுவார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பலகையில் இருவருக்கும் நடுவே இருந்த இடம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. குழாய்ப் பேச்சுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கூடத்தின் பொடி மட்டும் தேறவில்லை. வாங்குகிறவர்கள் கேட்டது கிராமுக்கு நூற்றைம்பது. வந்தது நூற்று இருபத்தெட்டு, நூற்று இருபத்துநான்கு, நூற்று முப்பத்தொன்று. அறிக்கையை அச்சடித்துக் கொடுப்பவன் நான் என்பதால் பாப்பாவின் முகம் ஒவ்வொரு முறையும் சுருங்குவதை நான்தான் முதலில் பார்ப்பேன். கடைசிப் பொட்டலத்தோடு வந்தபோது, "இந்தத் தடவையும் இல்லன்னா கூடத்தை மூடிடுவாராம்" என்றார் என்னிடம். அக்காவிடம் சொல்லவில்லை. அன்று கொடுத்த பொட்டலத்துக்கு நான் போட்ட எண் நானூற்றுப் பதினேழு.

இரண்டு நாள் கழித்து அந்த எண் சோதனைக்கு ஏறியது. ஃபோலின் ஊற்றிச் சோடா சேர்க்கும் முன் ஓர் ஐந்து நிமிடம் இருக்கிறதல்லவா, அதில் மற்றவர்கள் எட்டிப்போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவார்கள். நீலக்காவுக்குத் தேநீர் மேசையில் பேச ஆள் இல்லை. அதனால் குழாய்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். அன்று கையில் ஒரு குழாயோடு வெளிச்சத்துக்காக என் சன்னலருகே வந்தார்.

"தம்பி, இது என்ன நிறம்?"

"பச்சைக்கா."

"சோடா இன்னும் ஊத்தல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார், எனக்கென்று இல்லாமல். "பீனாலா இருந்தா சோடாவுக்குக் காத்திருக்கும். சோடா விழுந்து காரத்தன்மை வந்தாதான் வேகம் பிடிக்கும். இப்படி முந்திக்கிட்டு ஓடி வராது. மஞ்சள்ல நீலம் கலந்துதான் பச்சையா தெரியுது. இது அநேகமா வைட்டமின் சி. யாரோ உள்ள கலந்திருக்காங்க."

குழாயில் ஒட்டியிருந்த எண்ணை நான் பார்த்தேன். வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "அக்கா, சோடாவை ஊத்தி உள்ள வச்சிடுங்க. ஒரு மணி நேரம் போனா எல்லாமே நீலம்தானே. இது பாப்பா கொண்டுவந்தது."

நீலக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருதுன்னு நான் கேட்கலையே" என்றார்.

உண்மைதான், கேட்கவில்லை. எண்ணுக்குப் பின்னால் பெயரை மறைக்கத்தான் எனக்கு அந்த நாற்காலி கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வேலையையும் அன்று கெடுத்தேன்.

சோடா ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் கருவியில் வைத்தபோது அந்த மாதிரி நூற்று எழுபத்தாறு காட்டியது. கூடம் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நீலக்கா அதோடு விடவில்லை. பீனாலைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு வெள்ளைப் பொடி உண்டு. சாற்றில் அதைப் போட்டுக் குலுக்கி, சுழற்றி, அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மறுபடி ஃபோலினில் சோதித்தார். பீனால் போன பிறகும் மிச்சமாக வருகிற நீலம் பீனாலுடையது அல்ல. மிச்சம் ஐம்பத்தெட்டு இருந்தது. வைட்டமின் சி-க்கான தனிச் சோதனையும் ஆமாம் என்றது. பிறகு மேலாளரிடம் போய், நம்பர் யாருடையது என்று தனக்குத் தெரிந்துவிட்டது, வேறொருவர் திரும்பச் செய்யட்டும் என்றார். யார் சொன்னது என்று அவர் கேட்டதற்கு, "எப்படியோ தெரிஞ்சிடுச்சு" என்று என்னைக் காப்பாற்றினார். அடுத்த மேசைக்காரர் செய்தார். அவருக்கும் ஏறக்குறைய அதேதான். பீனால் என்று சொல்லத்தக்கது நூற்றுப் பதினெட்டு.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் தப்பான ஆள் மேல்தான் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை நீலக்காவின் அறையைத் தேடிப் போனேன். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. சுத்தமாகத் துடைத்த அடுப்பு, சின்னப் பாத்திரங்கள், ஓசைக்காக ஓடிக்கொண்டிருந்த வானொலி. இரண்டு நாற்காலிகளில் ஒன்றின் மேல் மடித்த துணிகள் இருந்தன. அவற்றை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கும் மேசைக்கும் இரண்டு தடவை நடந்தார். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை அந்த அறிக்கையைக் குடுத்தா பாப்பா அப்புறம் வரமாட்டாங்கக்கா" என்றேன்.

"தெரியும்."

"உங்களுக்கு வேற யாரு இருக்கா?" கேட்டிருக்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

அவர் வானொலியின் ஓசையைக் குறைத்தார். "யாரும் இல்ல தம்பி. அதான் சொல்றேன். எனக்குன்னு இருக்கறது நான் அளந்து எழுதற இந்த ஒரு நம்பர்தான். அதையும் பொய்யாக்கிட்டு அவளைப் பக்கத்துல உட்கார வச்சா, அவகிட்ட நான் எதைப் பத்திப் பேசறது?"

கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். படி இறங்கும்போதே வானொலியின் ஓசை மறுபடி ஏறியது.

செவ்வாய் பதினொரு மணிக்குப் பாப்பா வந்தார். அறிக்கையைக் கொடுத்தேன். மொத்த அளவு, அதில் பீனால் அல்லாதது, மீதி என்று மூன்று வரி. நின்றபடியே படித்தார். பலகையில் போய் உட்கார்ந்தார். நீலக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை நான் காது கொடுத்தேன்.

"நீதான் இதை எழுதினியா?"

"நானும் எழுதினேன். இன்னொருத்தரும் பார்த்தாரு."

"என்னுதுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சு."

பாப்பா தாளை நான்காக மடித்தார். "இதை எங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தான்னு உனக்குத் தெரியலையா அக்கா? வெளியாள் யாரும் இல்ல. அவரு என்ன செய்யறதுன்னு தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தாரு. நான்தான் சொன்னேன், எங்கக்கா சொல்லியிருக்கா, ஃபோலினுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது, வைட்டமின் சி போட்டாலும் நீலமாகும்னு. நீ இதே இடத்துல உட்கார்ந்து எனக்குச் சொன்ன. மறந்துட்டியா?"

நீலக்கா மறந்திருக்க மாட்டார். சொன்ன நாளையும் அன்று பாப்பா கட்டியிருந்த புடவையையும் சேர்த்து அவருக்கு நினைவிருந்திருக்கும்.

"முந்திக்கிட்டு பச்சையாகும்னு நீ சொல்லல" என்றார் பாப்பா. "அதைச் சொல்லாம விட்டுட்ட."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் நீலக்கா.

பாப்பா எழுந்தார். கடிகாரத்தில் பதினொன்று இருபது. அக்காவின் தோளில் கை வைக்கப்போய், வைக்காமல், பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நடையின் கடைசியில் கதவு மூடிக்கொண்டது. குழாய்கள் இருட்டிலிருந்து வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நீலக்கா அந்த நாற்பது நிமிடமும் பலகையிலேயே இருந்தார்.

நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த பதினொரு வருடத்தில் முதல்முறை. அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் வாயோரத்தில் சிரிப்பும் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை, பயமாக இருந்தது.

"இருபத்தாறு வருஷமா எத்தனை பேருக்கு விளக்கியிருக்கேன் தம்பி. ஒருத்தர் காதுலயும் விழுந்ததில்ல. அவ ஒரு தடவைதான் கேட்டா. ஒரு வார்த்தை சிந்தாம வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கா."

பெருமையா வேதனையா என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒன்று உறைத்தது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த நான் அதில் பாதி கேட்டிருந்தால், அவர் எல்லாவற்றையும் ஒருத்தியிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்க மாட்டார். பாப்பா அதன் பிறகு வரவில்லை. கூடத்தை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். செவ்வாய்க்கிழமைக் குழாய்களை நீலக்கா மறுபடி மதியத்துக்கே மாற்றிவிட்டார். சாப்பாட்டு மேசையில் இடைவெளிக்காகக் காத்திருப்பதையும் நிறுத்திக்கொண்டார். மேசையில் இருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, தேநீர் வேளையில் நான் உள்ளே போனேன். அவர் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைப்பேசியை முன்பக்க அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். "அக்கா, அந்த மஞ்சள் ஏன் நீலமாகுது? எனக்குச் சொல்லுங்களேன். முதல்ல இருந்து" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. குரலும் எப்போதும்போல மென்மையாகத்தான் இருந்தது.

"எதுக்குத் தம்பி கேட்கற?" என்றார்.

சும்மாதான் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, சோடா குப்பியைத் திறந்து, குழாய்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.